கீ அறுந்தால் கீயை மட்டும் மாற்றாதீர்கள்

மாட்டுத் தீவனம் அரைக்கும் ஒரு ஹாமர் மில். 15 கிலோவாட், அதாவது 20 எச்.பி. மோட்டார், 1460 சுற்று. 42 மி.மீ. ஷாஃப்டில் வி-பெல்ட் புல்லி. இரண்டையும் சேர்த்துப் பூட்டும் இரும்புத் துண்டுதான் கீ. ஆறு மாதத்தில் மூன்று கீ அறுந்துவிட்டது. நான் போனபோது மில்காரர் மூன்றாவது கீயின் இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். "கீ சின்னதா இருக்குன்னு நினைக்கிறேன். இன்னும் பெரிசா போட்டுடலாமா அண்ணே?" என்றார்.

முதல் தவறு இந்த நினைப்புதான். கீ அறுந்தால் கீ சிறியது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஐந்து நிமிடம் கணக்குப் போட்டால் விஷயம் வேறு மாதிரி தெரியும்.

42 மி.மீ. ஷாஃப்டுக்கு உரிய கீ 12 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம். 38-க்கு மேல் 44 வரை உள்ள எல்லா ஷாஃப்டுக்கும் அட்டவணையில் இதே அளவுதான். மோட்டாரின் முறுக்கு விசை எவ்வளவு?

```
T = 9550 × P / n
  = 9550 × 15 / 1460
  = 98 Nm
```

இதை ஷாஃப்டின் ஆரத்தால், அதாவது 0.021 மீட்டரால் வகுத்தால் கீயின் மேல் விழும் விசை சுமார் 4,670 நியூட்டன். புல்லியின் ஹப் நீளம் 50 மி.மீ.; கீயும் அதே நீளம். ஆனால் இரு முனையும் அரைவட்டமாக உள்ள கீயில் அந்த முனைகள் பளு தாங்குவதாகக் கணக்கில் எடுப்பதில்லை. 50-இல் அகலமான 12 போக மிச்சம் 38 மி.மீ. நேரான பக்கம்தான் கணக்கு. இந்தக் கழித்தலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கீ இரண்டு விதமாகத் தோற்கலாம். ஷாஃப்டும் புல்லியும் சந்திக்கும் இடத்தில் கத்தரித்தது போல வெட்டுப்படலாம், அல்லது பக்கச் சுவர் நசுங்கலாம். வெட்டுப் பரப்பு 12 × 38, அதாவது 456 சதுர மி.மீ. அதில் 4,670-ஐ வகுத்தால் ஒரு சதுர மி.மீ.க்குப் பத்து நியூட்டன் சொச்சம். நல்ல கீ ஸ்டீல், அதாவது பிரைட் பாராக வரும் இ.என்.8 அல்லது சி45, 200 வரை வந்தாலும் வெட்டுப்படாமல் நிற்கும். மில் திணறி முறுக்கு விசை இரண்டரை மடங்கு ஏறினாலும் வெட்டு 26-ஐத் தாண்டாது. அதற்கு மேல் போனால் கீக்கு முன்னால் பெல்ட் வழுக்கிவிடும்.

இப்போது நசுக்கைப் பார்ப்போம். கீயின் உயரம் 8. அதில் 5 மி.மீ. ஷாஃப்டுக்குள் உட்கார்ந்துவிடுகிறது. புல்லியைத் தள்ளுவது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் 3 மி.மீ. மட்டும்தான். 3 × 38 என்றால் 114 சதுர மி.மீ. அதன் மேல் 4,670 நியூட்டன் விழுந்தால் ஒரு சதுர மி.மீ.க்கு 41. மில் திணறும்போது இது நூறைத் தாண்டும். புல்லி வார்ப்பிரும்பு. மறுபடி மறுபடி அதிர்ச்சி விழும் இடத்தில் வார்ப்பிரும்புக் கீவேக்கு, அதாவது கீ உட்காரும் பள்ளத்துக்கு, இது அதிகம்.

ஆக, வெட்டைவிட நசுக்கு நான்கு மடங்கு. வெட்டை மட்டும் கணக்குப் போட்டு "போதும், நிறைய மிச்சம் இருக்கிறது" என்று நிறுத்துவது இரண்டாவது தவறு. நடப்பது என்னவென்றால், முதலில் புல்லிக் கீவேயின் சுவர் நசுங்கி அகலமாகிறது. அப்புறம் கீக்கு ஆட இடம் கிடைக்கிறது. ஆடத் தொடங்கிய கீ நேராக நிற்காது. சாய்ந்து, சுவர் முழுவதும் தாங்க வேண்டிய பளுவை இரண்டு விளிம்புகளில் ஏற்றிக்கொள்ளும். கடைசியாகத்தான் அறுகிறது. நம் கண்ணில் படுவதோ அறுந்த நாள் மட்டும்.

மில்காரரிடம் இருந்த துண்டுகளில் இது அப்படியே தெரிந்தது. ஒரே அடியில் அறுந்த கீயாக இருந்தால் வெட்டு முகம் பளபளவென்று சுத்தமாக, ஒரே திசையில் இழுபட்டது போல இருக்கும். பக்கச் சுவர்களில் பெரிய தேய்மானம் இருக்காது. இவர் கீயில் பக்கச் சுவர் நடுவே படி மாதிரி ஒரு பள்ளம். கீவே முழுக்கச் செங்கல் நிறத்தில் பொடி. எண்ணெய் கலந்து சில இடங்களில் சாந்து போல ஒட்டியிருந்தது. இந்தச் சிவப்புப் பொடி மழையில் பிடித்த துரு கிடையாது. இரண்டு இரும்புப் பரப்புகள் மிகச் சிறிய அளவில் ஓயாமல் உரசும்போது உதிரும் தூள் அது. இதைப் பார்த்தாலே எங்கோ லூஸ் இருக்கிறது என்று அர்த்தம்.

லூஸ் எங்கே? புல்லியின் துளையை அளந்தால் 42.08. அடுத்த தவறு இதுதான்: "கீதான் பிடித்துக்கொள்கிறதே, துளை கொஞ்சம் லூஸாக இருந்தால் என்ன" என்று விடுவது. மோட்டார் ஷாஃப்ட் 42 என்று சொன்னாலும் அதை 0.002 முதல் 0.018 மி.மீ. வரை கூடுதலாகத்தான் முடிக்கிறார்கள். துளை 42.000 முதல் 42.025-க்குள் இருந்தால் புல்லி இறுக்கமாக உட்காரும். 42.08 என்றால், பெல்ட் எப்போதும் ஒரே பக்கம் இழுக்க, ஷாஃப்ட் உள்ளே சுழல, ஒவ்வொரு சுற்றிலும் புல்லி அந்த இடைவெளியில் ஒரு முறை உருண்டு வரும். அந்த அசைவைத் தடுக்கும் வேலையும் கீயின் தலையில் விழுகிறது. நிமிடத்துக்கு 1460 முறை, எட்டு மணி நேரத்தில் ஏழு லட்சம் முறை. சாதா ஓட்டத்தில் பத்து நியூட்டன் வெட்டுக்கு அசராத கீ இப்படித்தான் இரண்டு மாதத்தில் போய்ச் சேர்கிறது.

கீவேயின் அகலமும் சரியில்லை. ஸ்லாட்டிங்கில் முதலிலேயே 12.3 வெட்டியிருக்கிறார்கள். கீயோ கடையில் வாங்கிய எம்.எஸ். சதுரக் கம்பியை அரத்தால் தேய்த்தது, 11.8 இருந்தது. இரண்டுக்கும் நடுவே அரை மி.மீ. இருக்க வேண்டியது எவ்வளவு? கீ 12.000-க்கும் 11.957-க்கும் நடுவில். ஷாஃப்ட் கீவேயும் அதே எல்லைக்குள். புல்லிக் கீவே 12-இலிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 0.02. அளக்கக் கருவி இல்லையென்றால் கையே சொல்லும். ஷாஃப்டில் கீயைச் செப்புச் சுத்தியலால் லேசாகத் தட்டித்தான் இறக்க வேண்டும். இறங்கியபின் இடுக்கியால் பக்கவாட்டில் முறுக்கினால் துளிகூட அசையக் கூடாது.

நல்ல கீயைப் போட்டும் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. கீவேயின் அடி மூலையில் 0.25 முதல் 0.4 மி.மீ. வளைவு விட்டிருப்பார்கள். மூலை கூராக இருந்தால் ஷாஃப்டின் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கீயின் விளிம்பையும் அரை மி.மீ. போல மழுங்கடித்திருக்க வேண்டும். பட்டறையில் வெட்டிய கூர் விளிம்புக் கீ அந்த வளைவின் மேல் ஏறி நிற்கும், அடியில் உட்காராது. தட்டும்போது இறுக்கமாக இருப்பதாகத் தோன்றும், நான்கு நாள் ஓடியதும் விளிம்பு நசுங்கி லூஸாகிவிடும்.

மூன்று கீயிலும் மேலே ஷிம், அதாவது மெல்லிய தகடு, வைத்திருந்தார்கள். இது நம் ஊரில் சர்வ சாதாரணம். ஷாஃப்ட் கீவே 5, புல்லிக் கீவே 3.3, கூட்டினால் 8.3. கீ 8. மேலே தெரியும் 0.3 இடைவெளியைப் பார்த்ததும் கை துறுதுறுக்கிறது. பேரலல் கீயில் அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. அது பக்கச் சுவரால் தள்ளுகிற கீ. மேலே ஷிம்மை அடித்து இறக்கினால் புல்லி ஒரு பக்கம் தள்ளி உட்காரும், ஆட்டம் வரும், வார்ப்பிரும்பு ஹப் கீவே மூலையில் கீறல் விடும். மேலே இறுக்கிப் பிடிப்பது 100-க்கு 1 சரிவுள்ள டேப்பர் கீயின் வேலை. அது வேறு கீ, அதற்கு வெட்டும் கீவேயும் வேறு. புல்லியின் மேல் உள்ள செட் ஸ்க்ரூ புல்லி நகராமல் இருக்கத்தான். லூஸான கீக்கு அது மருந்தாகாது.

சரி, கீ பெரிதாக வேண்டிய இடமே இல்லையா? இருக்கிறது. இதே 15 கிலோவாட் மோட்டாரை 20-க்கு 1 கியர்பாக்ஸில் கோத்தால் வெளி ஷாஃப்ட் 73 சுற்று. இழப்பு போக முறுக்கு விசை 1,840 நியூட்டன் மீட்டர் வரை வரும். 60 மி.மீ. ஷாஃப்ட், 18 × 11 கீ, முனை சதுரமான 100 மி.மீ. முழு நீளம் என்று வைத்தால் வெட்டு 34, நசுக்கு 153. இங்கே வார்ப்பிரும்பு ஸ்ப்ராக்கெட் தாங்காது. ஸ்டீல் ஹப் போட்டு நீளத்தையும் கூட்ட வேண்டும். எச்.பி.யை மட்டும் பார்த்துக் கீயைத் தீர்மானிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த மெதுவான பக்கத்தில்தான்.

மில்லுக்கு வருவோம். ஷாஃப்ட் கீவே நல்ல வேளையாகக் கெடவில்லை. கெட்டிருந்தால் 14 × 9-க்கு அகலப்படுத்தி, புல்லியிலும் 14 வெட்டியிருப்பேன். வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி வெட்டுவதை நான் செய்வதில்லை. சூட்டில் ஷாஃப்ட் வளையும், வெல்டிங் ஓரத்தில் கடினப்பட்ட இடத்தில் பின்னால் விரிசல் விழும்.

புது புல்லி வாங்கி, 42.01-க்குத் துளை போட்டு, 12-க்குக் கீவே வெட்டினோம். கீ இ.என்.8, சதுர முனை, ஹப்பின் முழு 50 மி.மீ. நீளம், நசுக்கு 41-இலிருந்து 31-க்கு இறங்கியது. மோட்டாரோடு வந்த நீளக் கீயைப் போட்டால் ஹப்புக்கு வெளியே துருத்தும். மோட்டார் ரோட்டரைப் பெரும்பாலும் ஷாஃப்ட் கீவேயை மட்டும் நிரப்பும் அரைக் கீ வைத்துத்தான் பேலன்ஸ் செய்கிறார்கள் என்பதால், துருத்தும் பகுதி முழு உயரத்தில் இருந்தால் அதிர்வு வரும். 2900 சுற்று மோட்டாரில் அது கைக்கே தெரியும். புல்லியைச் சுத்தியலால் அடித்து ஏற்றாமல், ஷாஃப்ட் முனையில் இருக்கும் எம்16 துளையில் போல்ட் போட்டு இழுத்து ஏற்றினோம். அடித்திருந்தால் பேரிங் கெட்டிருக்கும்.

மூன்று வாரம் கழித்துப் பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தேன். ஹப் ஓரத்தில் வெள்ளைத் துணியால் துடைத்தேன். தவிட்டுத் தூசிதான் வந்தது, சிவப்பு இல்லை.