ஒப்பாரியைப் பதிவு செய்யப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

ஒப்பாரியை ஆய்வுக்கு எடுக்கிறவர்கள் முதலில் செய்கிற காரியம், ஊரில் நன்றாக ஒப்பு வைப்பார் என்று பெயரெடுத்த ஒரு பாட்டியைத் தேடிப் பிடித்து, திண்ணையில் உட்கார வைத்து, “ஒரு ஒப்பாரி பாடுங்க” என்று கேட்பதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். விழுப்புரம் பக்கத்தில் எனக்குப் பெரியம்மா முறை ஆகிற ஒருவரிடம் கேட்டதும், “விளக்கு வைக்கிற நேரத்துல வாசல்ல உக்காந்து எழவுப் பாட்டுப் பாடச் சொல்றியே, வீடு வெளங்குமா?” என்று ஒரு பிடி பிடித்தார். மறுநாள் அவரே என்னைக் களத்துமேட்டுக்குக் கூட்டிப்போய், புளியமரத்தடியில் உட்கார்ந்து பாடிக் காட்டினார். ஒரே சீரான வரிகள், தெளிவான சொற்கள், இரைச்சல் இல்லாத பதிவு. கையில் புதையல் கிடைத்த மாதிரி ஊர் திரும்பினேன்.

அடுத்த ஆண்டு அவருடைய அண்ணன் இறந்துபோனார். அந்த எழவு வீட்டில், அனுமதி கேட்டுவிட்டு, அவர் அழுததைப் பதிவு செய்தேன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் களத்துமேட்டில் கிடைத்தது ஒப்பாரி இல்லை, ஒப்பாரியின் சொற்கள் மட்டும் என்று புரிந்தது. களத்துமேட்டில் ஒவ்வொரு வரியும் ஏறக்குறைய ஒரே நீளம். சாவு வீட்டில் ஒரு வரி சட்டென்று முடிகிறது, அடுத்த வரியின் கடைசி உயிரெழுத்து மூச்சு தீரும்வரை இழுபடுகிறது, நடுவில் விம்மல், மூக்கைச் சிந்துதல், புதிதாக வந்து நுழைகிறவரைப் பார்த்து “வந்தியா தாயி, பாத்தியா உங்க மாமன” என்று பேச்சு, மறுபடி பாட்டு. கேட்டுப் பாடச் சொன்ன பதிவு வீண் என்று சொல்லவில்லை. சொல்லுக்கும் யாப்புக்கும் அது நல்லது, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒப்பாரியின் வேகம் இது, சுருதி இது என்று எழுதினால் தவறு.

அடுத்தது போன். போனின் ஒலிப்பதிவுச் செயலிகள் பலவற்றில் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற வசதியும் இரைச்சலை நீக்குகிற வசதியும் இருக்கும். நேர்காணலுக்கு அது நல்லது. ஒப்பாரியில் அது செய்கிற வேலை என்னவென்றால், ஓங்கி அழுததை அடக்கி, மெல்ல விம்மியதைத் தூக்கி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். வரியின் முடிவில் உள்ளே இழுக்கிற மூச்சை ‘இரைச்சல்’ என்று நினைத்து வழித்தே எடுத்துவிடும். தனிப் பதிவுக் கருவி வைத்து, தானியங்கி மட்டத்தை அணைத்து, WAV வடிவில் பதியுங்கள். வாசலில் பறை அடிப்பார்கள், அதனால் பெண்கள் பக்கம் ஒரு கருவி, பறைக்காரர்கள் பக்கம் ஒன்று என்று இரண்டு வைத்தால் உத்தமம். இரண்டையும் பின்னால் பொருத்த ஒரு பலமான பறை அடியே போதும். எழவு வீட்டில் போய் கைதட்டி அடையாளம் வைக்காதீர்கள்!

அந்த மூச்சுக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், பாட்டு அழுகையாக இருப்பதே அதனால்தான். பிரேசில் பழங்குடிகளின் சடங்கு அழுகையை ஆராய்ந்த கிரெக் அர்பன் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில் நான்கு அடையாளங்களைச் சொல்கிறார்: நடுவில் உடைகிற குரல், ஒலியோடு உள்ளிழுக்கும் மூச்சு, கரகரத்த குரல், கள்ளக்குரலுக்குத் தாவும் உயிரெழுத்து. பெரியம்மாவின் பதிவில் நான்குமே இருந்தன. சொற்களை எழுதிக்கொள்கிறவர்கள் முதலில் கழித்துக்கட்டுவதும் இவற்றைத்தான். வரிக்கு மேலே இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி வைத்துக்கொண்டு எழுதுங்கள். வரிக்கு வரி வருகிற “என்னப் பெத்தாரே”வையும் “திரும்பத் திரும்ப வருகிறது” என்று வெட்டிவிடாதீர்கள். அதை இழுத்துச் சொல்கிற நேரத்தில்தான் அடுத்த வரி மனதில் உருவாகிறது.

அப்புறம் இந்த முகாரி. ஒப்பாரி முகாரி ராகம் என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்து, இன்றும் அது கட்டுரைகளில் வந்துகொண்டே இருக்கிறது. முகாரியைச் சோகத்தோடு சேர்த்துப் பேசுவது கச்சேரிக் காதின் பழக்கம். என் பதிவில் குரல் மேலே எடுத்துக் கீழே இறங்குகிறது, நாலைந்து சுர இடங்களுக்குள்ளேயே புழங்குகிறது, அந்த இடங்களும் அழுகை கூடக் கூட நகர்கின்றன. பதிவின் தொடக்கத்தில் எதை ஆதாரமாக வைத்தேனோ, பத்து நிமிடம் கழித்து அது அங்கே இல்லை. ஸரிகமவில் எழுதியிருந்தால் அதை அபசுரம் என்று ‘திருத்தி’ இருப்பேன். Praat மாதிரி மென்பொருளில் சுருதிக்கோடு வரையலாம், ஆனால் கரகரத்த இடத்தில் கோடு அறுந்துபோகும், அல்லது ஒரு ஸ்தாயி கீழே குதிக்கும், அதைப் பாடியவர் செய்த தாவல் என்று எண்ணிவிடக்கூடாது. இரண்டு குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகிற இடத்தில் கோட்டை நம்பவே நம்பாதீர்கள், காதை நம்புங்கள்.

குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழாத எழவு வீடு எது? தோள்மேல் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்து, வட்டமாக உட்கார்ந்து ஆடியபடி அழுகிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் அழுவது வேறு. இதைக் குழுப்பாட்டு என்று எழுதுவதும் தவறு, ஒரு குரலை மட்டும் பிரித்து ‘பாடல் எண் 7’ என்று போடுவதும் தவறு. ஒருவர் ஓய்கிற இடத்தைப் பிடித்து இன்னொருவர் எடுக்கிறாரா என்று பார்க்க எல்லாக் குரலும் வேண்டும்.

பொருள் கொள்வதில் நடக்கிற தவறு இன்னும் பெரிது. மாதிரிக்கு நானே கட்டிய நான்கு வரிகள்:

தங்கக் கதவு போட்டு – என்னப் பெத்தாரே
தாழ்ப்பாளும் நீங்க வச்சீங்க
தாழ்ப்பாளத் தட்டையில – என்னப் பெத்தாரே
தனிச்சல்லோ நிக்கிறேனே

அடுத்த கண்ணியில் தங்கம் வெள்ளியாகும், ‘தனிச்சு’ நின்றவள் ‘வீதியில’ நிற்பாள், மோனை வரியை இழுத்துக்கொண்டு போகும். உண்மையில் அந்த வீட்டு வாசலில் இருந்தது ஓலைப் படலாக இருக்கலாம். அதைப் பார்த்து ‘மிகை’ என்று எழுதிவிட்டுப் போனால் கதை போச்சு. கதவு அங்கே பிறந்த வீட்டு உரிமை. அப்பன் இருந்தவரை திறந்தது, இனி அண்ணி மனம் வைத்தால்தான் திறக்கும். இறந்தவர் யாரோவாக இருக்க, அழுகிறவள் தன் தாலியை, தன் பிள்ளையை, தன் அப்பனை நினைத்து அழுவதும் சகஜம். எனவே அழுகிறவருக்கு இறந்தவர் என்ன முறை, அவர் வாழ்க்கைப்பட்ட ஊர் எது, அண்ணன் தம்பியோடு பேச்சுவார்த்தை உண்டா என்பதைக் குறிக்காமல் எழுதிய ஒப்பாரி பாதி ஒப்பாரிதான். ‘கூலிக்கு மாரடித்தல்’ என்ற பழமொழியை நம்பி அழுகிறவர்கள் எல்லாரும் கூலிக்கு வந்தவர்கள் என்று எண்ணிக்கொள்வோரும் உண்டு. கூலிக்குப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள், மைக் பிடித்துப் பாடும் குழுக்களும் இருக்கின்றன, அது தனி விஷயம். பறை, வெட்டியான் சுடுகாட்டில் சொல்லும் அரிச்சந்திரன் பாட்டு, வட மாவட்டங்களில் கருமாதிக்கு விடியவிடிய நடக்கும் கர்ண மோட்சக் கூத்து, சென்னையின் மரண கானா, இவற்றையெல்லாம் ஒப்பாரியோடு ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பாடுகிறவர் ஆணா பெண்ணா, எந்தச் சாதி, எந்த இடம், எந்த நாள் என்று எல்லாமே மாறுகிறது.

அனுமதி விஷயத்தில் நான் செய்தது அரைகுறை. வீட்டு ஆண்களிடம் கேட்டேன், அழப்போகிறவரிடம் சும்மா தலையாட்டல்தான் வாங்கினேன். பதினாறு முடிந்து ஒரு வாரம் கழித்துப் பதிவைப் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவர், தம்பி பெண்டாட்டியைச் சாடிய இடம் வந்ததும் சட்டென்று நிமிர்ந்து, “இது அவ காதுக்குப் போவக் கூடாது” என்றார். எழவில் அழுதபடி சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், அதையே ஒலிபெருக்கியில் போட்டால் வருவார்கள். அந்தப் பகுதியை அவர் கண்முன்னேயே அழித்தேன். அதில்தான் குரல் மிக உயரத்துக்குப் போயிருந்தது.