ஐந்து நிமிடப் பேச்சு: முடிவை முதலில் எழுதினேன்

எங்கள் குடியிருப்பின் மழைநீர் சேகரிப்புக் குழியைச் சுத்தம் செய்யப் பணம் ஒதுக்கச் சொல்லி, சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. ஒத்திகையில் மூன்றாவது காரணத்துக்கு வரும்போதே நேரம் தீர்ந்துவிட்டது. அதனால் கடைசி வரியை முதலில் எழுதினேன்: "ஞாயிற்றுக்கிழமை ஆள் வரச் சொல்லலாமா? அடுத்த மழை நம் கிணற்றுக்கு!" கேட்பது ஒன்றே ஒன்றுதான். இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கினேன்.

தொடக்கம் அரை நிமிடம். வணக்கம் சொன்னதும் நேராகக் கணக்கு: "1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல். நேற்று அது தெருவில் ஓடியது."

காரணங்களின் வரிசைக்குத்தான் அதிகம் யோசித்தேன். லாரித் தண்ணீர்ச் செலவு முதலில், ஏனென்றால் அதை யாரும் மறுக்க மாட்டார்கள். வாசலில் தண்ணீர் தேங்குவது நடுவில். நேரம் போனால் அதை ஒரே வாக்கியத்தில் முடிக்கலாம். "குழிதான் இருக்கிறதே" என்ற ஆட்சேபத்துக்குப் பதில் மூன்றாவது. ஜல்லியையும் மணலையும் சேறு அடைத்தால் நீர் இறங்காது என்று விளக்கி, குழியில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நிற்கும் படத்தைக் காட்டினேன். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். பெரும்பாலானோர் சரி என்றார்கள்.