பழைய காரை எக்ஸ்சேஞ்ச் கொடுப்பதா, தனியாக விற்பதா? கார் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் சேலுக்குள் நுழைந்து ஒரு வண்டியைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கியதுமே அங்கிருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணன், எக்ஸ்சேஞ்சா? உங்கட காருக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" கேட்டவுடன் பதில் சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. நீங்கள் ஒரு தொகையைச் சொன்ன நிமிடத்திலிருந்து இரண்டு பேரமும் ஒன்றாகிவிடுகிறது. உங்கள் வண்டிக்குக் கூட்டித் தருவதை அவர் தன் வண்டியின் விலையில் ஏற்றிக்கொள்ளலாம். எதில் எவ்வளவு போனது என்று உங்களுக்குத் தெரியவே வராது.

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒருவர் தன் 2015 ஆல்டோவைக் கொடுத்துவிட்டு ஒரு வேகன் ஆர் எடுக்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தை விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். இந்தத் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும். முதல் சேலில் வேகன் ஆருக்கு 72 இலட்சம் சொல்கிறார்கள். ஆல்டோவை 27 இலட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார்கள். இரண்டாவது சேலில் அதே ஆண்டு, அதே தரத்தில் ஒரு வேகன் ஆர் நிற்கிறது. அங்கே அவர் ஆல்டோவைப் பற்றி வாயே திறக்காமல், "முழுக் காசும் கையில் தந்தால் கடைசி விலை என்ன?" என்று கேட்கிறார். 68.5 இலட்சத்துக்கு இறங்குகிறார்கள். அதன் பிறகுதான் ஆல்டோவைக் காட்டுகிறார். 25 தான் தரலாம் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னால் எல்லோரும் முதல் சேலைத்தான் புகழ்வார்கள், ஆல்டோவுக்கு 2 இலட்சம் கூடத் தருகிறான் என்று. ஆனால் முதல் இடத்தில் கையிலிருந்து கட்ட வேண்டியது 45 இலட்சம். இரண்டாவது இடத்தில் 43.5 இலட்சம். பழைய காருக்குக் குறைவாகத் தந்த இடத்தில்தான் ஒன்றரை இலட்சம் மிஞ்சுகிறது. எக்ஸ்சேஞ்சில் பார்க்க வேண்டியது அந்த ஒரு தொகையைத்தான்: பழையதைக் கொடுத்த பிறகு மேலதிகமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்பது.

சரி, அதே ஆல்டோவைத் தனியாக விற்றால்? இக்மனிலும் ரியசெவனவிலும் விளம்பரம் போட்டு, கொஞ்சம் பொறுத்திருந்து 29 இலட்சத்துக்குக் கொடுக்கிறார் என்று எடுப்போம். கழுவி மெருகேற்ற, ஒரு டயர் மாற்ற, சின்னச் சின்ன வேலைகளுக்கு 60,000 ரூபாய். கார் இல்லாத வாரங்களில் ஓட்டோவுக்கு 50,000 என்று தாராளமாகவே போடுவோம். 68.5 இல் 29 ஐக் கழித்து, இந்தச் செலவைக் கூட்டினால் 40.6 இலட்சம். நல்ல எக்ஸ்சேஞ்சை விட 2.9 இலட்சம் இலாபம். அவ்வளவு வித்தியாசம் இருந்தால் தனியாக விற்பதற்கான அலைச்சலை நான் தயங்காமல் படுவேன். ஆனால் தனியாக 26.5 தான் கிடைக்கும் என்றால் கணக்கு 43.1 க்கு வந்துவிடும். வெறும் 40,000 ரூபாய்க்காக யார் யாரையோ வீட்டு வாசலில் நிறுத்தி வண்டி காட்டத் தேவையில்லை, சேலிலேயே கொடுத்துவிடலாம்.

சேல்காரர் குறைத்துக் கேட்பது அநியாயம் என்று கோபிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் அந்த வண்டிக்கு வேலை செய்து, விற்கும் வரை காசை முடக்கி, பிறகு இலாபமும் பார்க்க வேண்டும். அதனால் சந்தை விலையை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. தவறு எங்கே நடக்கிறதென்றால், சந்தை விலை என்னவென்றே தெரியாமல் அவரிடம் போவதில். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலைகளையும் அப்படியே நம்பக் கூடாது. அது கேட்கும் விலை. ஒரே ஆண்டு, ஒரே கியர், ஏறத்தாழ அதே கிலோமீற்றர் ஓடிய வண்டிகளைக் குறித்துவைத்து இரண்டு வாரம் பாருங்கள். எது சீக்கிரம் மறைகிறதோ அதுதான் நடக்கும் விலைக்குக் கிட்ட. மாதக் கணக்காக நின்று திரும்பத் திரும்ப மேலே வரும் விளம்பரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளுக்கு ஏறிய விலையை இன்னமும் மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுபவர்களும் உண்டு. பார்க்க வேண்டியது இந்த மாதத்து விலையை.

திருகோணமலை வண்டிகளுக்கு இன்னொரு விடயம் இருக்கிறது, துரு. கண்டியிலிருந்தோ குருநாகலிலிருந்தோ வாங்க வருபவர் கடற்கரை ஊர் வண்டி என்றதும் குனிந்து அடிப்பக்கம்தான் பார்ப்பார். கதவுகளின் கீழ் ஓரம், ஜக் வைக்கும் இடம், பின்னால் ஸ்பெயார் சில்லு கிடக்கும் குழி, பற்றரி தட்டுக்குக் கீழே. உப்புக் காற்றில் முதலில் அரிப்பது இந்த இடங்கள்தான். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் ஜக் வைக்கும் இடத்தில் மெல்லத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டு, செதில் செதிலாகக் கொட்டினால் உள்ளே தகடு போய்விட்டது. இதை மறைக்க விற்பதற்கு முதல் வாரம் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு அண்டர்கோட் அடித்துவிடுவது பெரிய தவறு. புதுக் கறுப்பைக் கண்டதும் விவரமானவர் உள்ளே என்ன இருக்கிறதோ என்று இன்னும் கூடக் குறைத்துக் கேட்பார். உள்ளதைக் காட்டி, கராஜில் அதற்கு எவ்வளவு கேட்டார்கள் என்பதையும் சொன்னால் பேரம் அந்தத் தொகையோடு நிற்கும். தகடு வெட்டி ஒட்டும் அளவுக்குத் துரு போயிருந்தால் தனியாக விற்பது இழுபடும். அந்த வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் நல்லது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குப் பெரிய கவலை. எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் பிரச்சினை அன்றோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சேலில் பெயர் மாற்றத்துக்கான MTA 6 படிவத்தில், வாங்குபவரின் இடத்தைக் காலியாக விட்டு, உங்கள் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். சி.ஆர். புத்தகத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் கொடுத்துவிட்டு நீங்கள் புது வண்டியில் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். இதைத்தான் ஓப்பன் பேப்பர் என்கிறோம். சேல்காரர் தன் பெயருக்கு ஒரு தடவை, அடுத்தவர் பெயருக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை மாற்றும் செலவைத் தவிர்க்கத்தான் இந்த வழி. ஆனால் அந்தத் தாள் மூன்று கை மாறினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் உரிமையாளர் நீங்கள்தான். அந்த வண்டி எங்காவது ஒருவரை இடித்துவிட்டு ஓடினாலும், கடத்தலில் பிடிபட்டாலும், பொலிஸ் இலக்கத்தை வைத்துத் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு.

அதற்கென்று இருப்பது MTA 8 படிவம். வண்டி உங்கள் கையை விட்டுப் போனது, இன்னாரிடம் போனது என்று பதிவு உரிமையாளர் திணைக்களத்துக்கு அறிவிக்கும் தாள். வண்டியை ஒப்படைக்கும் அன்றைக்கே நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டையும் படிவத்தின் பிரதியையும் பத்திரமாக வையுங்கள். கூடவே ஒரு ஒப்படைப்புக் கடிதம் எழுதுங்கள். எடுத்துக்கொண்டவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எஞ்சின் இலக்கம், செஸி இலக்கம், மீற்றரில் நின்ற கிலோமீற்றர், திகதி, அதோடு மணி. மணி எதற்கு என்று கேட்பார்கள். மாலை 4 மணிக்குக் கொடுத்த வண்டி அன்று இரவு 8 மணிக்கு விபத்தில் சிக்கினால் திகதி மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

MTA 8 இல் தன் பெயர் வருவதை சேல்காரர் விரும்ப மாட்டார். பிறகு வாங்குபவர் வேறொருவராக இருக்கும்போது தாள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும் என்பார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் கடிதத்தில் கையெழுத்துப் போடவும் மறுத்தால், அந்த எக்ஸ்சேஞ்சுக்கு அவர் எவ்வளவு கூடத் தந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இதே கண்ணோடு நீங்கள் வாங்கும் வண்டியையும் பாருங்கள். சேலில் நிற்கும் வண்டியும் இன்னொருவரின் ஓப்பன் பேப்பரில் வந்ததாக இருக்கலாம். சி.ஆர். இல் உள்ள பெயர், அடையாள அட்டைப் பிரதி, MTA 6 இல் உள்ள கையெழுத்து மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அந்த உரிமையாளரோடு ஒரு தடவையாவது தொலைபேசியில் பேசுங்கள். ஆள் கனடா போய்விட்டார், அல்லது இறந்துவிட்டார் என்றால், படிவத்தில் ஒரு சின்னப் பிழை வந்தாலும் திருத்திக் கையெழுத்திட ஆளில்லாமல் பெயர் மாற்றம் அப்படியே நின்றுவிடும். உங்கள் நல்ல ஆல்டோவைக் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்ற முடியாத ஒரு வேகன் ஆரை வாங்கி வந்தவராக ஆகிவிடுவீர்கள்.

தனியாக விற்பவர்கள் தவறுவது பெரும்பாலும் காசு கைமாறும் இடத்தில். அட்வான்ஸ் வாங்கும்போதே மிச்சக் காசுக்கு நாள் எழுதுங்கள். அந்த நாளில் வராவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அவர் ஒரு மாதம் இழுப்பார், நீங்கள் பேசிவைத்த வேகன் ஆர் கைநழுவிவிடும். ஸ்லிப்பின் படத்தை வட்ஸ்அப்பில் பார்த்துத் திறப்பைக் கொடுக்காதீர்கள். வங்கியில் சந்தித்து, உங்கள் கணக்கில் காசு விழுந்ததை உறுதிப்படுத்திய பிறகு கொடுங்கள். காசோலை என்றால் மாறிக் கணக்கில் சேரும் வரை வண்டி உங்கள் வாசலில் நிற்கட்டும். ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது நீங்களும் ஏறிப் பக்கத்தில் இருங்கள்.

லீசிங் முடியாத வண்டி என்றால் கதை கொஞ்சம் மாறும். சி.ஆர். இல் முழு உரிமையாளராக ஃபைனான்ஸ் கம்பனியின் பெயர் இருப்பதால், தனியாக வாங்குபவர் முழுக் காசையும் முன்னால் தர அஞ்சுவார். அது நியாயம்தான். "மிச்சம் கொஞ்சம்தான்" என்று வாயால் சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. இன்ன திகதி வரைக்கும் இவ்வளவு கட்டினால் முடியும் என்ற செட்டில்மென்ட் கடிதத்தைக் கம்பனியிடம் எழுத்தில் எடுங்கள். ஆல்டோவுக்கு 29 இலட்சம் பேசி, கடிதத்தில் 9 இலட்சம் என்றிருந்தால், வாங்குபவர் அந்த 9 ஐக் கம்பனியின் கிளையிலேயே உங்கள் முன்னால் கட்டட்டும். கம்பனி சி.ஆர். ஐயும் விடுவிப்புக் கடிதத்தையும் தரும் நாளில் மிச்சம் 20 ஐ உங்களுக்குத் தரட்டும். சில இடங்களில் தாள் வர நாட்களாகும். அதுவரை வண்டி யாரிடம் நிற்கும் என்பதையும் முதலிலேயே பேசி எழுதிவிடுங்கள். இவ்வளவுக்கும் பொறுமையுள்ள ஒருவர் கிடைக்காவிட்டால், லீசிங்கைத் தானே முடித்து எடுத்துக்கொள்ளும் சேலுக்கு ஒரு இலட்சம் குறைத்துக் கொடுப்பதில் தவறில்லை. அங்கேயும் சேல்காரர் கம்பனிக்குக் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள் என்பதால், அவர் கட்டாமல் விட்டால் தவணை கேட்டுத் தொலைபேசி வருவது உங்களுக்குத்தான்.