ஐடியா மீட்டிங்ல முதல் அரை மணி நேரம் யாரும் வாயைத் திறக்காதீங்க

டீமா உக்காந்து ஐடியா யோசிக்கலாம்னா பெரும்பாலும் ரெண்டு பேர்தான் பேசுவாங்க, மத்தவங்க தங்க டர்ன் வர்றதுக்குள்ள யோசிச்சதையே மறந்துடுவாங்க, அதுலயும் முதல் ஐடியாவுக்கே யாராவது "இதெல்லாம் பட்ஜெட்ல வராது"ன்னுட்டா புதுசா சேர்ந்தவங்க அதோட கப்சிப்.

இதுக்கு 6-3-5னு ஒரு முறை இருக்கு, 1968ல ஜெர்மனில பெர்ன்ட் ரோர்பாக்னு ஒருத்தர் கொண்டுவந்தது. 6 பேர், ஆளுக்கு ஒரு பேப்பர், 5 நிமிஷத்துல 3 ஐடியா எழுதி பக்கத்து ஆள்கிட்ட தள்ளணும், அவர் அதைப் படிச்சுட்டு கீழ 3 எழுதணும், இப்படி 6 ரவுண்டு. மொத்தம் 108 ஐடியா சேரும் (நிறைய ரிப்பீட்டாதான் இருக்கும், பரவால்ல).

எங்க ஆபீஸ் கேன்டீன் க்யூவுக்கு இதை செஞ்சப்ப ஒருத்தர் "டோக்கன்"னு மட்டும் எழுத, அடுத்தவர் "காலைலயே டோக்கன்"னு போட, எப்பவும் வாயே திறக்காத அக்கவுண்ட்ஸ் அக்கா "12.30, 1.00, 1.30னு மூணு கலர் டோக்கன்"னு முடிச்சாங்க.

மேனேஜர் கையெழுத்துன்னு தெரிஞ்சா அதுக்குக் கீழ எல்லாரும் ஆமாம் சாமிதான், அவரை இதுல சேக்காதீங்க. நாலாவது ரவுண்டுல பேனா நின்னுபோச்சுன்னா 1 ஐடியா போதும்னு விட்டுடுங்க. குறை சொல்றதெல்லாம் பேப்பரை சுவத்துல ஒட்டுனதுக்கு அப்புறம்.