ரெஸ்யூமில் 'அனுபவம்: இல்லை' என்ற வரியை எடுத்தேன்

எஸ்பிஎம் முடிந்ததும், எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து டவுனில் ஒரு மளிகைக் கடைக்குக் கொடுத்த என் முதல் ரெஸ்யூமில் 'அனுபவம்: இல்லை' என்று எழுதியிருந்தேன். பதிலே வரவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டு 'பொறுப்புகள்' என்று தலைப்பை மாற்றினேன். 'கேன்டீன் நாளில் உதவினேன்' என்றால் கடைக்காரருக்கு என்ன புரியும்? அதனால், 'நாசி லெமாக் கடையில் 4 மணி நேரம் கூப்பன் வாங்கி, கடைசியில் எண்ணிக் கணக்கு ஒப்படைத்தேன்' என்று எழுதினேன். வீட்டு வேலையும் அப்படித்தான். அம்மா விடியுமுன்னே செம்பனைக் காட்டுக்குப் போய்விடுவார், தம்பிகள் இருவரையும் எழுப்பி, பசியாற வைத்து, ஆறரைக்குள் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிடுவது 2 வருடமாக நான்தான். 'நேரம் தவறாதவள்' என்ற வெறும் சொல்லுக்குப் பதில் இதையே போட்டேன்.

'குழுத் தலைவி' என்று எழுதியதை அடித்தேன், கேட்டால் சொல்ல ஒரு சம்பவமும் இல்லை. அப்புறம் பேசத் தெரிந்த மொழிகள், வேலைக்கு வரக்கூடிய தேதி, அனுமதி கேட்டு ஓர் ஆசிரியரின் எண். எல்லாம் மலாயில், ஒரே பக்கம்.

அடுத்த கடையில் முதலாளி அதைப் படித்துவிட்டு, "கூப்பன் கணக்கு சரியா வந்துச்சாம்மா?" என்றார்.

"மூணு குறைஞ்சுச்சுண்ணே, டப்பா அடியில ஒட்டியிருந்துச்சு, தேடி எடுத்துட்டேன்."

திங்கட்கிழமை வரச் சொன்னார்.