பாட்டியைச் சித்தியாக்கிய நன்றி மடல்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில் என் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு மூன்று நன்றி மடல்கள் வந்துவிடும். சிங்கப்பூரில் மூன்றாம் மொழியாக ஜப்பானியம் படிக்கும் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் ஜப்பானுக்குப் போய், ஒரு குடும்பத்தோடு சில நாள் தங்கிவிட்டுத் திரும்புவார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் நன்றி எழுத வேண்டும். எழுதியதை அனுப்புமுன் என்னிடம் காட்டுவார்கள். ஜப்பானியம் சொல்லிக் கொடுப்பது என் தொழில்.

சென்ற முறை வந்தவள் பதினைந்து வயதுத் தமிழ்ப் பெண். கனஸாவா நகரத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தாள். மடலின் இரண்டாம் வரியில் அந்த வீட்டுப் பாட்டியைச் சித்தியாக்கியிருந்தாள். ஜப்பானியத்தில் 'ஒபாசான்' என்றால் பாட்டி, 'ஒபசான்' என்றால் அத்தை அல்லது சித்தி. நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனால் நெடில் குறிலாகிவிடும், உறவே மாறிவிடும். ஆங்கில எழுத்தில் குறிப்பெடுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. தமிழ் தெரிந்தவர்கள் பெயர்களை முதலில் தமிழில் எழுதிப் பார்த்தால் போதும், கல்லுக்கும் காலுக்கும் உள்ள வேறுபாடு அங்கேயும் தெரிந்துவிடும்.

அது சின்னத் தவறு, பாட்டி சிரித்துவிட்டுப் போயிருப்பார். பெரிய தவறு வேறு இடத்தில் இருந்தது. அவள் முதலில் ஆங்கிலப் பகுதியை எழுதி முடித்துவிட்டு, அதை வரிக்கு வரி ஜப்பானியத்துக்கு மாற்றியிருந்தாள். "பாட்டி எனக்கு ஊறுகாய் போடக் கற்பித்தார்" என்ற பொருளில் 'ஒஷியேமாஷித்தா' என்று வினையை முடித்திருந்தாள். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஜப்பானியருக்கு இது போலீஸ் அறிக்கை போலக் கேட்கும். கற்பித்தார், சரி, அது உனக்கு உதவியாக இருந்ததா இல்லையா என்பதற்கு அந்த வரியில் பதிலே இல்லை.

அவர்கள் எழுதுவது 'ஒஷியேதே குதாசாய்மாஷித்தா'. குதாசாரு என்பது பெரியவர் ஒருவர் நமக்குத் தருவதைக் குறிக்கும் வினை. அதாவது, சொல்லித் தந்தார். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? சமைத்துத் தந்தார், துவைத்துக் கொடுத்தார், வழி காட்டிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இந்தத் துணைவினை இல்லாததால் ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் கையில் அது வந்து சேர்வதே இல்லை. நன்றியில் பாதி அந்தத் 'தந்தார்' என்பதில்தான் இருக்கிறது. எனவே நான் அவளிடம் சொன்னது: ஆங்கிலத் தாளைக் கவிழ்த்து வை, உன் அம்மாவிடம் கனஸாவாவைப் பற்றித் தமிழில் எப்படிச் சொன்னாயோ அப்படியே எழுது, பிறகு ஜப்பானியத்துக்குப் போ. வினை கடைசியில் வருவதும் இரண்டு மொழிக்கும் பொது என்பதால் பாதி வேலை தானாக நடந்துவிடும்.

இதே 'தருதல்' எதிர்ப்பக்கமும் காலை வாரிவிடும். "சிங்கப்பூருக்கு வந்தால் தோசை சுட்டுத் தருகிறேன்" என்று எழுத நினைத்து, 'ட்சுகுத்தே அகெமாசு' என்று முடித்திருந்தாள். நாம் தருவதைக் குறிக்கும் அகெரு என்ற வினையைப் பெரியவர்களிடம் இப்படிச் சொன்னால், போனால் போகிறது என்று உபகாரம் செய்வது போல ஒலிக்கும். தமிழில் அன்பாக இருப்பது அங்கே தோரணையாகிவிடுகிறது. தமிழைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று சொன்ன நானே இந்த இடத்தில் கையை விடச் சொன்னேன். 'இஷ்ஷோ நி தபேதாய் தெசு', சேர்ந்து சாப்பிட ஆசை, என்று மாற்றினோம்.

ஆங்கிலத்தின் 'யூ' எல்லாம் 'அனாத்தா' ஆகியிருந்தது. அகராதி அப்படித்தான் சொல்லும். ஆனால் பெரியவரை அனாத்தா என்று எழுதுவது மரியாதைக் குறைவு. வீட்டு அம்மாவை 'ஒகாசான்' என்றே எழுத வேண்டும். "அம்மா செய்த சாப்பாடு" என்று அம்மாவிடமே நாம் சொல்வதில்லையா, அது போல. பல இடங்களில் எழுவாயே தேவைப்படாது.

அடுத்து, காலம். 'அரிகாத்தோ கொசாய்மாசு' என்பது எல்லாருக்கும் தெரிந்த நன்றி. தங்கி முடித்துத் திரும்பிய பிறகு எழுதும் மடலில் 'அரிகாத்தோ கொசாய்மாஷித்தா' என்று இறந்தகாலத்தில் எழுதுவதே பொருந்தும், நடந்து முடிந்த ஒன்றுக்கான நன்றி என்பதால். அதற்கு முன்னால் 'ஒசெவா நி நாரிமாஷித்தா' என்ற வரி வர வேண்டும். உங்கள் பராமரிப்பில் இருந்தேன் என்பது போன்ற பொருள். இந்த ஒரு வரி இல்லாத மடலைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நம் பிள்ளைகள் நன்றியில் தொடங்கி நன்றியில் முடிப்பார்கள். ஜப்பானிய மடல் பருவகாலத்தில் தொடங்கும். ஆண்டு முழுக்க வெயிலும் மழையுமாக இருக்கும் ஊரில் பிறந்தவள் எதை எழுதுவாள்? "இங்கே தினமும் மழை" என்று எழுதியிருந்தாள். எழுத வேண்டியது வாசிப்பவரின் ஊர்ப் பருவம். கனஸாவாவின் கென்ரொகுஎன் தோட்டத்தில் நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து பைன் மரக் கிளைகளைக் கயிற்றால் தூக்கிக் கட்டத் தொடங்குவார்கள், பனியின் கனத்தில் கிளை முறியாமல் இருக்க. 'யுகிட்சுரி' என்று பெயர். அவள் அதை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தாள், மடலில்தான் இல்லை. "கென்ரொகுஎன்னின் கயிறுகளில் பனி விழத் தொடங்கியிருக்குமா?" என்று முதல் வரி அமைந்தது. கடைசி வரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் போய்ச் சேரும் மடல் என்பதால் 'யோய் ஒதோஷி ஒ' என்றும் சேர்த்தோம், நல்லபடியாக ஆண்டு பிறக்கட்டும் என்ற வாழ்த்து. 'அகெமாஷித்தே ஒமெதெதோ' என்ற புத்தாண்டு வாழ்த்து ஜனவரி பிறந்த பிறகு மட்டுமே சொல்வது. முன்கூட்டி எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு.

இனி ஆங்கிலப் பகுதி. ஜப்பானியத்தில் ஆறு வரிதான் வந்தது, ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். அது தவறில்லை. இரண்டும் ஒன்றின் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருந்தால் போதும். அவள் மடலில் முரண்பட்டது: ஆங்கிலத்தில் "அடுத்த ஆண்டு வருகிறேன்" என்று உறுதி, ஜப்பானியத்தில் "என்றாவது வர ஆசை". வீட்டு அம்மா இரண்டையும் படிப்பார், எதை நம்புவார்? ஆசை என்றே இரண்டிலும் வைத்தோம். சாய்த்துக் கோத்தெழுதிய ஆங்கிலத்தையும் பிரித்துப் பிரித்து எழுத வைத்தேன். அகராதியை வைத்துக்கொண்டு வாசிக்கப் போகிறவருக்குச் சேர்த்தெழுதிய கையெழுத்து மூன்றாம் மொழியாகிவிடும்.

மடல் எழுதிய மேசையில் அவளுடைய சீனத் தோழியும் இருந்தாள். ஜப்பானியத்தில் மடலுக்கு 'தெகாமி'. அதை எழுதும் அதே இரண்டு எழுத்துகளுக்குச் சீனத்தில் கழிவறைத் தாள் என்று பொருள். அன்று அரை மணி நேரம் வேலை நடக்கவில்லை.

உறையில் குடும்பத் தலைவர் பெயருக்குப் பின்னால் மரியாதைக்காக 'சான்' போட்டிருந்தாள். பேச்சில் சான், உறையில் 'சாமா'. முகவரியை ஜப்பானிய எழுத்திலேயே எழுதலாம், அங்கே தபால்காரர் படித்துக்கொள்வார். நாட்டின் பெயரை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கடைசியில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் சிங்கப்பூரில் பிரிப்பவருக்கு அது எந்த நாட்டுக்கு என்றே தெரியாது. அனுப்புநர் இடத்தில் தன் பெயருக்கும் ஒரு சாமாவைப் போட்டு வைத்திருந்தாள். அடித்துவிட்டு எழுதினால் நன்றாக இராது என்று புது உறை வாங்கக் கீழ்க்கடைக்கு ஓடினாள்.