கணினியில் 14, அலமாரியில் ஒன்றுமில்லை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் சரக்குப் பொறுப்பைக் கவனிக்கும் மளிகைக் கடையில், மல்லித்தூள் பாக்கெட் 14 இருப்பதாகக் கணினி காட்டியது. அலமாரியிலும் பின்னறையிலும் ஒன்றுகூட இல்லை. இருப்பு 6-க்குக் கீழே இறங்கினால்தான் கொள்முதல் பட்டியலில் ஏறும் என்பதால், அந்தச் சரக்கு தானாக வரப்போவதும் இல்லை.

இத்தகைய பொய்யிருப்பைக் காட்டிக்கொடுப்பது விற்பனைப் பதிவுதான். நாளொன்றுக்குச் சராசரியாக 2 விற்கும் பொருள், தொடர்ந்து 4 நாள் ஒன்றுகூட விற்காமலிருக்க வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே, வழக்கப்படி 8 விற்றிருக்க வேண்டிய காலத்தில், கணக்கில் இருப்பு இருந்தும் எதுவுமே விற்காத பொருள்களை மட்டும் காலைதோறும் பட்டியலெடுத்து, அலமாரியில் நேரில் பார்க்க ஏற்பாடு செய்தேன். மாதத்துக்கு ஒன்றிரண்டே விற்கும் பொருளுக்கு இம்முறை உதவாது. அதை முறைவைத்து எண்ணத்தான் வேண்டும்.

எண்ணைத் திருத்துவதோடு நின்றால் பிழை திரும்ப வரும். பக்கத்திலிருந்த மிளகாய்த்தூளை எண்ணியபோது, கணினிக் கணக்கைவிட 13 கூடுதலாக இருந்தது. இரண்டுக்கும் ஒரே விலை என்பதால், இரண்டும் கலந்து 3 பாக்கெட் வாங்குவோருக்குக் கல்லாவில் மிளகாய்த்தூளை மட்டும் ஸ்கேன் செய்து, எண்ணிக்கையை 3 என்று அடித்திருக்கிறார்கள். மீதி ஒன்று திருட்டோ சேதமோ, தெரியவில்லை. இரு கணக்கையும் சரிசெய்துவிட்டு, மசாலாத்தூள்களுக்கு எண்ணிக்கை அடிக்கும் வசதியையே முடக்கச் சொன்னேன்.